ஃபீல்டு 1.3 மீட்டர், பிரேக் 0.96 மீட்டர்: அப்படியும் வண்டி டிராலியில் இடித்தது எப்படி?

நவம்பர் 27, இரவு 9:50. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

நேராகக் கேட்கிறேன். எங்கள் தானியங்கி வண்டியின் முன்னால் உள்ள சேஃப்டி ஸ்கேனரில் எதுவும் உள்ளே வந்தால் அவசர பிரேக் போட வைக்கும் ப்ரொடெக்டிவ் ஃபீல்டு 1.3 மீட்டர், வேகத்தை மட்டும் குறைக்க வைக்கும் வார்னிங் ஃபீல்டு 1.5 மீட்டர். முழு வேகம் வினாடிக்கு 1.2 மீட்டர். அரை டன் சுமையோடு அவசர பிரேக் போட்டால் 0.96 மீட்டரில் நிற்கிறது. இதை நானே அளந்திருக்கிறேன். ஆக, எதிரே ஏதாவது இருந்தால் முப்பது செ.மீ. மிச்சம் வைத்து நின்றிருக்க வேண்டும்.

இன்று மாலை நிற்கவில்லை. பேக்கிங் பகுதிச் சேச்சி ஒருவர் பிளாஸ்டிக் கிரேட் அடுக்கிய டிராலியை வழியில் விட்டுவிட்டு ஸ்லிப் எடுக்கத் திரும்பியிருக்கிறார். வண்டி வந்து டிராலியில் முட்டி, சற்றுத் தூரம் தள்ளிக்கொண்டு போய்த்தான் நின்றது. சேச்சிக்கும் டிராலிக்கும் நடுவே இரண்டடிதான். "வண்டி நின்னில்லா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கை நடுங்கிக்கொண்டிருந்தது.

வண்டியை ஓரங்கட்டிச் சாவியை எடுத்து வைத்துவிட்டேன். எங்கே தேடுவது என்று சொல்லுங்கள்.

நவம்பர் 27, இரவு 10:15. பொள்ளாச்சி பிரேக்

பிரேக் லைனிங்தாங்க. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதிதில் அளந்த கணக்கு ஆறு மாதம் கழித்து நிற்காது. அதற்காகத்தான் பிரேக் தேய்மானத்துக்கென்று பத்து சதவீதம் சேர்க்கச் சொல்கிறார்கள்.

நவம்பர் 27, இரவு 10:40. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

அண்ணா, அளந்தது இன்று, இடித்த பிறகு. எப்படி அளந்தேன் என்று எழுதிவிடுகிறேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, அதன்மேல் 75 மி.மீ. பி.வி.சி. பைப் ஒன்றை நிறுத்தினேன். வண்டியை அரை டன்னோடு முழு வேகத்தில் விட்டேன். நின்ற பிறகு வண்டி முகப்புக்கும் பைப்புக்கும் இடைவெளி 34 செ.மீ. 1.3-இல் 34 செ.மீ. போனால் 0.96. மூன்று முறையும் 33, 34, 34. பிரேக்கில் குறை இல்லை.

தேய்மானச் சேர்ப்பும் கணக்கில் இருக்கிறது. 0.96-இல் 24 செ.மீ. ஸ்கேனரும் கன்ட்ரோலரும் விழித்துக்கொள்ளும் 0.2 வினாடிக்குள் ஓடிவிடும் தூரம். மீதி 72 செ.மீ. உண்மையான பிரேக் தூரம். அதில் பத்து சதவீதம் 7 செ.மீ. ஸ்கேனர் அளவுப் பிழைக்கு 10. வண்டியின் அடிப்பாகம் தாழ்வாக இருப்பதால் கால் விரலுக்கு 15. எல்லாம் சேர்த்து 1.28, அதை 1.3 ஆக்கி வைத்திருக்கிறார்கள். கணக்கு சுத்தமாக இருக்கிறது. அதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

நவம்பர் 28, காலை 6:05. தடா ரோடு

எங்களுக்கும் இதே தொல்லை. நான் ஸ்ரீசிட்டியில் வேலை, கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் ஆந்திரா எல்லை தாண்டிப் போகிறேன். டாக் கதவு மேற்கே பார்த்தது. சாயங்காலம் ஐந்தரைக்கு வெயில் தரையோடு தரையாக உள்ளே வரும், ஸ்கேனர் எதிரே எதுவும் இல்லாமலே வண்டி நிற்கும். லாரி வந்தால் தூசிக்கும் நிற்கும். ஒரு பொருளை எத்தனை ஸ்கேனில் தொடர்ந்து பார்த்தால் நிற்க வேண்டும் என்ற எண்ணிக்கையை 2-இலிருந்து 8 ஆக்கினோம், தொல்லை தீர்ந்தது. உங்கள் பாலக்காட்டில் இப்போது விருச்சிகக் காற்று வேறு. தூசியாகத்தான் இருக்கும், அதை ஏற்றிப் பாருங்கள்.

நவம்பர் 28, காலை 6:30. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

தம்பி, உங்களுக்கு நிற்கக் கூடாத இடத்தில் நிற்கிறது. எனக்கு நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. காற்று உண்மைதான். வாளையார் பக்கமிருந்து அடிக்கிற அடியில் டாக் ஷட்டர் இரவெல்லாம் தடதடக்கிறது. ஆனால் தூசி வண்டியை நிறுத்தும், ஓட விடாது.

நவம்பர் 28, காலை 8:20. பீளமேடு சேஃப்டி

தடா ரோடு தம்பி, முதலில் உங்களுக்கு. 8 ஆக்கியபோது ஃபீல்டை நீட்டினீர்களா? ஒரு ஸ்கேன் 40 மில்லி வினாடி என்றால் ஆறு ஸ்கேன் கூடுதல், அதாவது 0.24 வினாடி. 1.2 மீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் 29 செ.மீ. ஓடிவிடும். பழைய ஃபீல்டு நீளத்திலேயே விட்டிருந்தால் இன்றைக்கே போய்ப் பாருங்கள்.

கஞ்சிக்கோடு, உங்களிடம் மூன்று கேள்வி. டிராலி கால்கள் மெல்லிய குழாயா? அளந்தபோது வார்னிங் ஃபீல்டு வேலை செய்துகொண்டிருந்ததா? முக்கியமாக, இடித்த நொடியில் எந்த ஃபீல்டு செட் ஓடிக்கொண்டிருந்தது?

நவம்பர் 28, மதியம் 1:10. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

அக்கா, டிராலி கால் இல்லாத தட்டு. கிரேட் அடுக்கு தரையிலிருந்தே ஆரம்பம். ஸ்கேனர் கதிர் போகிற 18 செ.மீ. உயரத்தில் அகலமான கறுப்புப் பிளாஸ்டிக் சுவர் மாதிரி நிற்கும்.

அளந்தபோது வார்னிங்கைத் துண்டித்திருந்தேன். இல்லையென்றால் வண்டி முன்கூட்டியே வேகம் குறைத்து பிரேக் கணக்கைக் கெடுத்துவிடுமே.

மூன்றாவது கேள்விதான் புரியவில்லை. ஒரே ஃபீல்டு செட் என்றுதான் நினைத்திருந்தேன்.

நவம்பர் 28, மதியம் 1:45. பீளமேடு சேஃப்டி

பிரேக்கை அளக்க வார்னிங்கைத் துண்டித்தது சரியான முறை. ஆனால் இடித்த வண்டி வார்னிங்கோடு ஓடிய வண்டி. அதை நீங்கள் இன்னும் சோதிக்கவே இல்லை. வண்டியை இயக்கும் பி.எல்.சி. கன்ட்ரோலரின் புரோகிராமைத் திறந்து ஸ்கேனரின் ஃபீல்டு தேர்வு உள்ளீட்டை யார் இயக்குகிறார்கள் என்று பாருங்கள். ஆளை எதிரே நிறுத்தாமல், டிராலியை மட்டும் வைத்து வார்னிங்கோடு ஒருமுறை ஓட்டுங்கள்.

இன்னொன்று. 75 மி.மீ. பைப் வேண்டாம். கால் பருமனுக்கு வைத்த சோதனைத் துண்டு 70 மி.மீ. விட்டம், 400 மி.மீ. உயரம். ISO 3691-4 அதைத்தான் சொல்கிறது. படுத்திருக்கும் ஆளுக்கு 200 மி.மீ. விட்டத்தில் 600 மி.மீ. நீளத் துண்டு. லேத்தில் 70-க்குக் கடைந்து, பளபளப்பில்லாத கறுப்பு அடித்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை பி.வி.சி. ஸ்கேனருக்கு ரொம்ப சுலபமான இலக்கு.

நவம்பர் 28, இரவு 11:30. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

கிடைத்துவிட்டது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அக்டோபரில் வண்டி அடிக்கடி நிற்கிறது என்று உற்பத்திப் பிரிவிலிருந்து ஒரே புகார். வண்டியை நிறுவிக் கொடுத்தவர்களின் ஆள் ஒருவர் வந்து "சரி" செய்துவிட்டுப் போனார். அன்று நான் விடுப்பு. அவர் செய்தது இது: மெதுவான வேகத்துக்கென்று 0.42 மீட்டரில் இரண்டாவது ப்ரொடெக்டிவ் ஃபீல்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறார். 0.4 மீட்டர் வேகத்துக்கு அந்த நீளம் சரிதான், நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தப்பு, அதற்கு மாறுகிற நேரத்தில்.

```
IF WarnField THEN
    CmdSpeed := 400;
END_IF;
SmallField := (CmdSpeed <= 400);
```

400 என்றால் வினாடிக்கு 400 மி.மீ., அதாவது 0.4 மீட்டர். கடைசி வரியைப் பாருங்கள். வண்டி உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று பார்க்கவில்லை. "மெதுவாகப் போ" என்று சொன்ன உடனே ஃபீல்டைச் சுருக்கிவிடுகிறது. சொன்ன மாத்திரத்தில் அரை டன் மெதுவாகிவிடுமா?

எங்கள் டிரைவ் சரக்கு சரியாமல் இருக்க மெல்லத்தான் வேகத்தைக் குறைக்கும், வினாடிக்கு 0.5 மீட்டர் வீதம். 1.2-இலிருந்து 0.4-க்கு இறங்க 1.6 வினாடி வேண்டும். அதற்குள் 1.28 மீட்டர் ஓடிவிடும். அந்த 1.6 வினாடியும் கண் முன்னால் பார்வை 0.42 மீட்டர்தான்.

நவம்பர் 28, இரவு 11:55. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

நேற்று நடந்ததைப் படிப்படியாகப் போட்டுப் பார்த்தேன். டிராலி 1.5 மீட்டரில் வார்னிங்கைத் தொடுகிறது. பி.எல்.சி. 0.1 வினாடியில் சின்ன ஃபீல்டுக்கு மாற்றிவிடுகிறது. அப்போது டிராலி 1.38-இல். 1.3 மீட்டர் ஃபீல்டு அதைப் பார்க்கவே வாய்ப்பில்லை, அதற்கு முன்பே அணைந்துவிட்டது. வேகம் குறையத் தொடங்க மொத்தம் 0.3 வினாடி, அதற்குள் இன்னும் கிட்ட, 1.14. பிறகு மெல்லக் குறைந்துகொண்டே வந்து, டிராலி 0.42-இல் சின்ன ஃபீல்டைத் தொடும்போது வண்டி இன்னும் 0.85 மீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் நிற்க 0.53 மீட்டர் வேண்டும். 11 செ.மீ. பற்றாக்குறை.

அந்த ஆள் செய்து காட்டியபோது எப்படி நின்றது? காலி வண்டியில் காட்டியிருக்கிறார். காலி வண்டிக்கு பிரேக் இரண்டு மடங்கு பிடிக்கும், 0.35 மீட்டரில் நின்றுவிடும். 7 செ.மீ. மிச்சம். எல்லாரும் கை கொடுத்திருக்கிறார்கள்.

இன்றிரவு ஷிஃப்ட் முடிந்ததும் காலி கிரேட் வைத்து வார்னிங்கோடு ஓட்டினேன். சுமையோடு இடித்தது, சுமையில்லாமல் நின்றது. அப்படியே.

நவம்பர் 29, காலை 7:00. பொள்ளாச்சி பிரேக்

நான் சொன்னது தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஃபீல்டு தேர்வு உள்ளீடுகள் ஜோடி ஜோடியாகத்தானே வரும், ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேனரே நிறுத்திவிடும். அவ்வளவு பாதுகாப்பு இருந்தும் இது எப்படி நடக்கும்?

நவம்பர் 29, காலை 7:25. பீளமேடு சேஃப்டி

ஜோடி, ஒயர் அறுந்தாலோ ஷார்ட் ஆனாலோ காட்டிக்கொடுக்கும். பி.எல்.சி. இரண்டு ஒயரிலும் ஒழுங்காக ஒரே பொய்யைச் சொன்னால் ஸ்கேனர் நம்பித்தான் ஆக வேண்டும். "எந்த ஃபீல்டு" என்ற முடிவே பாதுகாப்பு வேலை. அதைச் சாதாரண பி.எல்.சி.யிடம் கொடுத்ததுதான் மூலக் கோளாறு.

வரிசை இதுதான். வேகம் ஏற வேண்டுமென்றால் முதலில் ஃபீல்டு நீள வேண்டும், அப்புறம் வண்டி ஏற வேண்டும். வேகம் இறங்கும்போது முதலில் வண்டி இறங்க வேண்டும், அது அளந்து உறுதியான பிறகே ஃபீல்டு சுருங்க வேண்டும். எந்த நொடியிலும் ஃபீல்டு வண்டியின் வேகத்துக்குக் குறைவாக இருக்கக் கூடாது.

நவம்பர் 29, இரவு 8:40. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

கடைசி வரியை மாற்றிப் பார்த்தேன்:

```
SmallField := (ActSpeed <= 400);
```

வண்டி இப்போது இடிக்கவில்லை. ஆனால் பழைய கதை திரும்பிவிட்டது, எல்லாவற்றுக்கும் நிற்கிறது. காரணம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. வார்னிங்குக்கும் ப்ரொடெக்டிவுக்கும் நடுவே 20 செ.மீ.தான். மெதுவாக ஆரம்பிப்பதற்குள் ப்ரொடெக்டிவில் விழுந்துவிடுகிறது. அக்டோபரில் மாற்றியிருக்க வேண்டியது வார்னிங் ஃபீல்டை, ப்ரொடெக்டிவை அல்ல.

எவ்வளவு வேண்டும் என்று போட்டேன். வேகம் குறையத் தொடங்குமுன் 0.36, குறையும்போது 1.28, மொத்தம் 1.64. அதோடு 1.3 சேர்த்தால் வார்னிங் 2.94 மீட்டரிலேயே தொடங்க வேண்டும். மூன்று மீட்டர் என்றால் எங்கள் ரேக் சந்தில் எப்போதும் ஏதாவது ஒன்று அதில் படும்.

நவம்பர் 30, காலை 9:15. பீளமேடு சேஃப்டி

நடுவில் ஒரு படி வையுங்கள். 0.8 மீட்டர் வேகத்துக்கு ஃபீல்டு 0.77 போதும், உங்கள் கணக்கு முறையிலேயே வரும். அப்போது 1.3 ஃபீல்டுக்கு வெளியே 0.8 வேகத்துக்கு இறங்கினால் போதும். குறையத் தொடங்குமுன் 0.36 மீட்டர், குறையும்போது 0.8 மீட்டர், சேர்த்து 1.16. அதோடு 1.3 சேர்த்தால் 2.46. வார்னிங் 2.5 மீட்டரில் தொடங்கினால் சரியாக இருக்கும். அரை மீட்டர் மிச்சம்.

ஆனால் ActSpeed எங்கிருந்து வருகிறது? மோட்டாரின் ஒற்றை என்கோடர்தானே? அதன் கப்ளிங் ஸ்க்ரூ தளர்ந்தால் வேகம் பூஜ்யம் என்று காட்டும். வண்டி முழு வேகத்தில், ஃபீல்டு 0.42-இல். நேற்று நீங்கள் மாற்றிய வரி கோளாறைச் சரிசெய்தது, பாதுகாப்பாக்கவில்லை. இரண்டு என்கோடரை ஸ்கேனரோ சேஃப்டி கன்ட்ரோலரோ நேரடியாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அது வரும்வரை ஃபீல்டு மாற்றத்தையே எடுத்துவிட்டு, எப்போதும் 1.3-இல் பூட்டி ஓட்டுங்கள்.

நவம்பர் 30, காலை 10:00. வாளையார் லைன்

நான் உற்பத்திப் பக்கத்து ஆள், வேறு கம்பெனி. 1.3-இல் பூட்டினால் வண்டி பாதி நேரம் நின்றுகொண்டே இருக்கும். லைனுக்குச் சரக்கு வராது, ஆட்கள் கையால் தள்ளுவார்கள், அதிலும் அடிபடுவார்கள். அதையும் எழுதுங்கள்.

நவம்பர் 30, இரவு 9:30. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இன்று 1.3-இல் பூட்டி ஓட்டினேன். ஒரு ஷிஃப்டில் 31 முறை நின்றது. மதியத்துக்கு மேல் இரண்டு பேர் கையால் தள்ளினார்கள்.

ஆனால் இடிக்கிற வண்டியை "லைன் ஓடட்டும்" என்று விட என்னால் முடியாது. அந்தச் சேச்சியை இன்று கேன்டீனில் பார்த்தேன். வண்டி வருகிற சத்தம் கேட்டாலே ரேக்கோடு ஒட்டி நின்றுவிடுகிறாராம். மேலாளரிடம் கணக்கையும் வீடியோவையும் காட்டினேன். பார்த்துவிட்டு ஒரு நிமிடம் பேசவில்லை. என்கோடர் வாங்கச் சம்மதம் கிடைத்தது.

டிசம்பர் 2, காலை 6:10. தடா ரோடு

அக்கா, போய்ப் பார்த்தேன். ஃபீல்டை நீட்டவே இல்லை. எண்ணிக்கையைத் திரும்ப 2 ஆக்கிவிட்டேன். வெயிலுக்கு ஸ்கேனரை இரண்டு டிகிரி சாய்த்துப் பார்க்கலாமா?

டிசம்பர் 2, காலை 8:00. பீளமேடு சேஃப்டி

எந்தப் பக்கம் சாய்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கீழே சாய்த்தால் தூரத்தில் கதிர் தரையைத் தொடும், அதுவே தொல்லையாகும். மேலே சாய்த்தால் 2 மீட்டருக்கு 7 செ.மீ. உயர்ந்துவிடும், படுத்திருப்பவரைத் தாண்டிப் போகக் கூடும். முதலில் டாக் கதவுக்குப் பட்டை பட்டையாகத் தொங்கும் பி.வி.சி. திரை போடச் சொல்லுங்கள்.

டிசம்பர் 21, இரவு 10:20. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

இரண்டு என்கோடரும் வந்து மாட்டியாகிவிட்டது. ஸ்கேனரில் என்கோடர் உள்ளீடு இருந்தது, இதுவரை யாரும் பயன்படுத்தவில்லை, மூடி போட்டே கிடந்தது. இப்போது ஃபீல்டு தேர்வு பி.எல்.சி. கையில் இல்லை. மூன்று படி: 1.2 வேகத்துக்கு 1.3, 0.8-க்கு 0.8, 0.4-க்கு 0.45. வார்னிங் 2.5.

கடைந்த கறுப்புத் துண்டை வைத்து, அரை டன்னோடு, வார்னிங்கோடு ஓட்டினேன். வண்டி தூரத்திலேயே தணிந்து, ஊர்ந்து வந்து, துண்டுக்கு 28 செ.மீ. முன்னால் நின்றது. காலி வண்டியில் 32. ஒவ்வொன்றும் ஐந்து முறை. அப்புறம் வண்டி ஓடும்போதே ஒரு என்கோடர் பிளக்கைக் கழற்றினேன். உடனே பிரேக் பிடித்து நின்றுவிட்டது. அதற்குத்தான் காத்திருந்தேன்.

துண்டைச் சாய்வாக, பக்கவாட்டில் திடீரென்று நுழைக்கும் சோதனையும் செய்தேன். குச்சியில் கட்டி ரேக் மறைவிலிருந்து நீட்டினேன். முழு வேகத்தில் 1 மீட்டர் தூரத்தில் நீட்டினால் சில செ.மீ.யில்தான் தப்புகிறது. நின்றபடி இருக்கும் பொருளுக்குத்தான் இந்தக் கணக்கு முழுதாகப் பொருந்தும் என்பது கண்ணால் தெரிந்தது. ரேக் முனைகளில் வண்டி வேகத்தை 0.8-க்கு மேல் போகாமல் வரைபடத்திலேயே போட்டுவிட்டேன்.

டிசம்பர் 23, காலை 7:15. பொள்ளாச்சி பிரேக்

திருப்பங்களில் என்ன செய்தீர்கள்? 2.5 மீட்டர் வார்னிங் எதிர்ச் சுவரில் படுமே.

டிசம்பர் 23, இரவு 9:00. கஞ்சிக்கோடு மெயின்டனன்ஸ்

படுகிறது அண்ணா. இரண்டு திருப்பத்திலும் வண்டி காரணமில்லாமல் தணிந்து போகிறது. அக்கா ஸ்டீயரிங் கோணத்தை வைத்து ஃபீல்டை வளைக்கச் சொல்கிறார், அந்தக் கோணத்தையும் இரட்டையாக அளக்க வேண்டும். எனக்கு அங்கே மெதுவாகப் போனால் போகட்டும் என்றிருக்கிறது. வாளையார் லைன் நண்பர் ஒரு சுற்றுக்கு ஒன்பது வினாடி கூடுதல் ஆகிறது என்று கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அது பேச்சில் இருக்கிறது.

நேற்று சேச்சி வண்டி போகிற வழியில் காலி கிரேட் ஒன்றை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். வண்டி தணிந்து நின்றது. கிரேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார், ஒன்றும் சொல்லவில்லை.